நடிக்கும் நோயாளியும் மருத்துவரின் கையும்

மருத்துவ மாணவர்களுக்கு ‘ஆஸ்கி’ என்றொரு தேர்வு உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதி அறிமுகப்படுத்திய முறை இது. வரிசையாகப் பல அறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ‘ஸ்டேஷன்’. மணி அடித்தால் மாணவர் உள்ளே போக வேண்டும். இன்னொரு மணி அடித்தால், முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும், அடுத்த அறைக்கு நகர வேண்டும். எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் தாள். முன்பெல்லாம் ஒருவருக்கு எளிய நோயாளியும் இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளியும் வாய்ப்பார்கள். தேர்வாளரின் மனநிலையும் மதிப்பெண்ணில் ஏறும். அந்த அநியாயத்தைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு.

அறைக்குள் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் நிஜ நோயாளி அல்ல, பயிற்சி பெற்ற நடிகர். அவருக்கு எழுதித் தரும் குறிப்பில்தான் ஒரு ஸ்டேஷனின் தரம் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. தோள்பட்டைப் பரிசோதனைக்கான ஒரு ஸ்டேஷனை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாணவருக்கு இருப்பது இவ்வளவுதான்: “இவருக்கு 52 வயது. நான்கு மாதமாக இடது தோளில் வலி. தோளைப் பரிசோதித்து, கண்டதைத் தேர்வாளரிடம் சொல்லுங்கள். நேரம் 8 நிமிடம்.” நோய் என்னவென்று சீட்டு சொல்லாது. நடிகருக்கு மட்டும் அது தெரியும்: உறைந்த தோள்பட்டை. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுவதால் கை எந்தப் பக்கமும் முழுதாகப் போகாது. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் இது அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலும் அதிகம்.

நடிகரின் குறிப்பு இப்படிப் போகும்:

“நீங்கள் கீழே விழவில்லை, அடியும் படவில்லை. வலி மெல்ல வந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. ஜாக்கெட் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. உங்களுக்கு எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது. ஆனால் ‘வேறு ஏதாவது நோய் இருக்கா?’ என்று மருத்துவர் கேட்டால் மட்டுமே அதைச் சொல்லுங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால், தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால், இடது கை ஒரு சிறிதளவுதான் திரும்பும். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகச் சொன்னால், கட்டைவிரல் பிட்டத்தைத் தாண்டக் கூடாது. வலது கை எல்லாத் திசையிலும் சுலபமாகப் போகும்.”

இதுவரை யாரும் எழுதிவிடலாம். பலரும் எழுத மறந்துவிடும் வரி அடுத்தது: “மருத்துவர் தன் கையால் உங்கள் கையைப் பிடித்து அசைக்கும்போதும், அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.”

தோள்பட்டைப் பரிசோதனையின் உயிர் இதில் இருக்கிறது. நோயாளி தானே தூக்கும்போது கை பாதியில் நின்றால், அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். தூக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம், அல்லது மூட்டே இறுகியிருக்கலாம். மருத்துவர் பிடித்துத் தூக்கும்போது கை மேலே போய்விட்டால் மூட்டு நன்றாக இருக்கிறது, கோளாறு தசைநாரில் என்று நினைக்கலாம். அவர் தூக்கினாலும் அதே இடத்தில் நின்றால் மூட்டு இறுகிவிட்டது. முக்கியமாக, முன்கையை வெளிப்பக்கம் திருப்புகிற அசைவு இரு வகையிலும் போய்விடுவதுதான் உறைந்த தோளின் அடையாளம். இந்த வரி குறிப்பில் இல்லாவிட்டால், நடிகர் மரியாதையாகக் கையைத் தளர்த்திக் கொடுப்பார், கை சரசரவென்று மேலே போகும். மாணவர் “தசைநார் கிழிந்திருக்கிறது” என்பார். அவர் கண்டது சரி, மதிப்பெண் பூஜ்யம்.

நடிப்புக்கும் எல்லை உண்டு. நடிகர் தசையை இறுக்கித்தான் கையை நிறுத்த முடியும். கை வைத்துப் பழகிய மருத்துவருக்கு அந்த இறுக்கமும் நிஜ மூட்டுத் தடையும் வேறுவேறாகத் தெரியும். அதனால் நல்ல ஸ்டேஷனில், மாணவர் சரியாகப் பிடித்து அசைத்த பிறகு, “இங்கேதான் தடை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று தேர்வாளரே சொல்லிவிடுவார்.

மதிப்பெண் தாளுக்கு வருவோம். இருபது மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் நான் இப்படிப் பிரிப்பேன். கை கழுவி, பெயர் சொல்லி, நோயாளியின் பெயரைக் கேட்டு, சம்மதம் வாங்க 2. எங்கே வலிக்கிறது என்று முன்னமே கேட்டு, மானம் காத்து இரு தோளையும் திறந்து பார்க்க 2. முன்னால், பக்கத்தில், பின்னால் நின்று தசை மெலிவு, தழும்பு, வீக்கம் பார்க்க 3. கழுத்தெலும்பில் தொடங்கித் தோள் முனைவரை, நோயாளியின் முகத்தைப் பார்த்தபடியே தொட்டுப் பார்க்க 2. நோயாளி தானாக அசைக்க 3. மருத்துவர் அசைக்க 4. மீதி நான்கில் சிறப்புச் சோதனைக்கு 1, கழுத்தைச் சோதிக்க 1, கண்டதைச் சுருக்கிச் சொல்ல 2.

மருத்துவர் அசைக்கும் அந்த 4இல் ஒன்று, தோள்பட்டை எலும்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசைப்பதற்கு. கை தலைக்கு மேல் போகும்போது சுமார் மூன்றில் இரண்டு பங்கு அசைவு தோள் மூட்டிலும், ஒரு பங்கு முதுகில் தோள்பட்டை எலும்பு நகர்வதிலும் நடக்கிறது. மூட்டு இறுகியவர் தோளை உயர்த்திக் கொடுத்து ஈடுகட்டிவிடுவார். எலும்பைப் பிடிக்காத மாணவர் அதைக் கவனிக்காமல், கை ஓரளவு நன்றாகவே போகிறது என்று எழுதிவிடுவார்.

சிறப்புச் சோதனைக்கு ஒரே மதிப்பெண் வைத்ததற்குக் காரணம் உண்டு. பெயர் பெற்ற சோதனைகளை மனப்பாடம் செய்துகொண்டு வருகிற மாணவர், பார்ப்பதையும் தொடுவதையும் ஓட்டமாக ஓட்டிவிட்டு அதில் குதிப்பார். ‘எம்ப்டி கேன்’ சோதனைக்குக் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கட்டைவிரலைக் கீழே திருப்பி, மருத்துவர் அழுத்த வேண்டும். நம் நோயாளியின் கை அந்த உயரத்துக்கே போகாது. “இவருக்கு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது, செய்தாலும் நம்ப முடியாது” என்று சொல்கிற மாணவருக்குத்தான் அந்த 1 போக வேண்டும். வலிக்க வலிக்க இழுத்துச் செய்பவருக்கு அல்ல.

கடைசிச் சுருக்கத்தில், “இடது தோளில் எல்லா அசைவும் குறைந்திருக்கிறது, தானாகவும் பிறர் அசைத்தாலும், வெளிப்பக்கம் திருப்புவது மிகவும் குறைவு, உறைந்த தோளாக இருக்கலாம்” என்று வர வேண்டும். அதோடு, “எக்ஸ்ரே எடுத்து மூட்டுத் தேய்மானம் இல்லை என்று பார்ப்பேன், சுகர் அளவு பார்ப்பேன்” என்றும் வந்தால் முழு மதிப்பெண். தேய்மானமும் கிட்டத்தட்ட இதே தடையைக் காட்டும் என்பதால் எக்ஸ்ரே இல்லாமல் முடிவு கட்டக் கூடாது.

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ தோள் வலி என்றால், மருத்துவர் கையைப் பிடித்து அசைக்க வரும்போது, வலிக்கிற இடத்தை முன்பே சொல்லிவிட்டு, கையை முடிந்தவரை தளர்த்திக் கொடுங்கள். ‘தூக்குங்க’ என்று மட்டும் சொல்லிப் பார்த்துவிட்டு ஊசியோ மாத்திரையோ எழுதினால், “நீங்களே ஒரு தடவை அசைச்சுப் பாருங்க டாக்டர்” என்று கேளுங்கள்.