புரட்டாசியில் இரு அமாவாசை: மகாளயம் எது?

கொல்லிமலை அறப்பளீசுவரரைத் தரிசித்து, அருகே ஓடும் ஐயாற்றில் நீராடி, முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்க வேண்டும் என்பது அன்பர்கள் பலரின் விருப்பம். அதற்கு நாள் பார்க்கும்போது, ‘புரட்டாசியில் வரும் அமாவாசையே மகாளய அமாவாசை’ என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் இது சரியாகவே அமையும். ஆனால் 2020-ஆம் ஆண்டில் அந்தக் கணக்கு போதவில்லை. அவ்வாண்டு புரட்டாசி முதல் நாளும் அமாவாசை; கடைசி நாளாகிய முப்பதாம் நாளும் அமாவாசை.

இரண்டில் எது பிதுருக்களுக்கு உரியது? மாதப் பெயரை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. நாம் வழங்கும் புரட்டாசி, சூரியன் கன்னி ராசியில் இருக்கும் காலம். மகாளய பட்சமோ சந்திரனைக் கொண்டு எண்ணப்படுவது. புரட்டாதி எனப்படும் பாத்ரபத மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி, அம்மாதத்து அமாவாசையில் அது முடியும். வடநாட்டார் பௌர்ணமியோடு மாதத்தை முடிப்பதால், இதே பட்சத்தை ஆசுவின மாதத்தின் தேய்பிறை என்பர். பெயர்தான் வேறு, நாள் ஒன்றே.

சந்திர மாதங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே. சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. இக்குறை சேர்ந்து சேர்ந்து, ஏறக்குறைய முப்பத்திரண்டு அல்லது முப்பத்துமூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் நுழைகிறது. ஓர் அமாவாசை முடிந்து அடுத்த அமாவாசை முடிவதற்குள் சூரியன் புது ராசியில் புகவில்லையானால், அம்மாதமே அதிக மாதம்.

2020-இல் நிகழ்ந்ததும் இதுவே. செப்டம்பர் 16 மாலை சூரியன் கன்னியில் புகுந்தான். மறுநாள் மாலை அமாவாசை முடிந்தது. அடுத்த அமாவாசை அக்டோபர் 17 பின்னிரவு ஒரு மணியளவில் முடிந்தது. அன்று காலையில்தான் சூரியன் துலாத்தில் புகுந்தான். இடைப்பட்ட மாதம் முழுவதும் சூரியன் கன்னியிலேயே இருந்தமையால் அது அதிக ஆசுவினம் ஆயிற்று. ஆகவே முதல் அமாவாசையாகிய செப்டம்பர் 17 பாத்ரபதத்தைச் சேர்ந்தது, அதுவே மகாளயம். புரட்டாசி முப்பதாம் நாள் வந்தது அதிக மாதத்து அமாவாசை. அன்றும் வழக்கமான அமாவாசைத் தர்ப்பணம் உண்டு, மகாளயம் ஆகாது.

மகாளயம் முடிந்த மறுநாளே கொலு வைத்துப் பழகிய இல்லங்களில் அவ்வாண்டு ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தது. நவராத்திரி ஐப்பசி முதல் நாள், அக்டோபர் 17 அன்றுதான் தொடங்கியது.

பட்சத்தின் தொடக்கமும் எப்போதும் புரட்டாசிக்குள் அடங்குவதில்லை. 2025-இல் அது செப்டம்பர் 8, ஆவணி 23 அன்றே தொடங்கிவிட்டது. திதி ஒன்று குறைந்து, பதினான்கே நாட்களில் 21-ஆம் தேதி முடிந்தது. தந்தையின் திதியில் மகாளய சிராத்தம் செய்வோர் புரட்டாசி பிறக்கட்டும் என்றிருந்தால் அத்திதி கடந்துபோயிருக்கும். தவறினாலும், திதி அறியாவிடினும், அமாவாசை இருக்கிறது.

பஞ்சாங்கம் வாங்கியதும் முதலில் பௌர்ணமியைப் பாருங்கள். பிறகு அதற்கடுத்த அமாவாசையின் மாதப் பெயரில் ‘அதிக’ என்ற சொல் உள்ளதா என்று பாருங்கள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. வெள்ளம் வந்தால் குளிக்கத் தடையும் விதிப்பர். முழங்கால் இடம் தராதவர்கள் மலைமேல் கோயிலருகிலோ, தம் இல்லத்திலோ தர்ப்பணம் செய்யலாம்.