கருப்பை வாய்ச் சிவப்பு: புண் என்று பெயர், புண் இல்லை

கருப்பை வாயின் உட்பாதையில் இருக்கும் மெல்லிய படலம் சற்றே வெளிப்பக்கம் புரண்டு, வெளிமுகத்திலும் தெரிவதை மருத்துவத்தில் எக்ட்ரோப்பியன் என்கிறார்கள். இளம் பெண்களிடமும் கர்ப்பிணிகளிடமும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும். பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. சிலருக்கு மட்டும் இரண்டு விதமாகத் தெரியவரும். ஒன்று, உள்ளாடை நனையும்படி தண்ணீர் போன்ற கசிவு. மற்றொன்று, உடலுறவுக்குப் பிறகோ மருத்துவப் பரிசோதனையின்போதோ சில துளி ரத்தம்.

இந்த நிலைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் ‘கருப்பை வாய்ப்புண்’. மருத்துவர்களும் நெடுங்காலம் ‘எரோஷன்’ என்றுதான் சீட்டில் எழுதிவந்தார்கள். இன்றும் பலர் எழுதுகிறார்கள். அரிப்பு, தேய்வு என்று அதற்குப் பொருள். பெயர் வந்த காரணம் எளிது. கருப்பை வாயை விளக்கொளியில் பார்த்தால் நடுவில் உள்ள துளையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம் தெரியும். மேல்தோல் உரிந்து சதை தெரிவதாகவே பார்த்தவர்கள் எண்ணினார்கள். ஆனால் அந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் உரிந்துபோனது எதுவும் இல்லை. இடைவெளி விடாத, நலமான செல் வரிசை ஒன்று இருக்கிறது. அது உள்ளே இருந்து பார்க்கப் பழகிய செல் வரிசை, இப்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். புண் இல்லை என்று தெரிந்த பிறகும் புண் என்ற பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் மனதில் அடுத்து எழும் சொல் புற்றுநோய் என்பதால், இது வெறும் பெயர்க் குழப்பமாக நிற்பதில்லை.

கருப்பை வாயின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கருப்பையின் அடிப்பகுதி குறுகி, மூன்று சென்டிமீட்டர் அளவு நீண்டு, பிறப்புப் பாதைக்குள் எட்டிப் பார்க்கிறது. அதுதான் கருப்பை வாய். அதன் வெளிமுகத்தை மூடியிருப்பவை தட்டையான செதில் செல்கள். அவை பல அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வாயின் உட்புறத் தோலைப் போல உராய்வைத் தாங்கும். வெளிர் ரோஜா நிறத்தில் தெரியும். உட்பாதையிலோ தூண் வடிவச் செல்கள் ஒரே ஒரு வரிசையாக நிற்கின்றன. சளியைச் சுரப்பது இவற்றின் வேலை. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் முட்டை வெளிவரும் நாட்களில் பெண்கள் காணும் வழுவழுப்பான, கண்ணாடி போன்ற கசிவு பெரும்பாலும் இந்தச் செல்கள் தருவதுதான்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது கருப்பை வாய் சற்றே உப்புகிறது. துளையின் ஓரங்கள் உதடு பிதுங்குவதுபோல வெளிப்பக்கம் மலர்கின்றன. உள்ளே மறைந்திருந்த தூண் செல் படலமும் அவற்றோடு வெளியே வருகிறது. பருவமடையும் வயதிலும் கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும் மாதங்களிலும் இது அதிகம் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

வெளியே வந்த படலம் தன் பழைய வேலையைத் தொடர்கிறது. சளி சுரக்கும் பரப்பு கூடிவிட்டதால் கசிவும் கூடுகிறது. அந்தக் கசிவு தெளிவாகவோ லேசான வெண்மையாகவோ இருக்கும். துர்நாற்றமோ அரிப்போ எரிச்சலோ இருக்காது. சிவப்பு நிறத்துக்கும் ரத்தத்துக்கும் காரணம் ஒன்றுதான். ஒற்றை வரிசைச் செல்களுக்கு நேர் அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மெல்லிய திரை வழியே அவை தெரிவதால் சிவப்பு. திரை மெலிதாக இருப்பதால் பஞ்சு பட்டாலும் கசிவு. வெளிமுகத்தின் செதில் அடுக்குகள் பொருட்படுத்தாத உராய்வை இந்தப் படலத்தால் தாங்க முடியாது. ரத்தம் வந்தாலும் சில துளிகளோடு தானே நின்றுவிடும்.

வெளியே வந்த படலம் அப்படியே இருந்துவிடுவதும் இல்லை. பிறப்புப் பாதையில் குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அங்கே எப்போதும் அமிலத்தன்மையைக் காத்துவருகின்றன. அந்த அமிலம் படப்பட, தூண் செல்களின் அடியிலிருந்து புதிய செல்கள் எழுந்து, மெல்ல மெல்லச் செதில் செல்களாக மாறி அந்த இடத்தை மூடிக்கொள்கின்றன. இப்படி மாறிவரும் வளையத்துக்கு உருமாற்றப் பகுதி என்று பெயர். இந்த மாற்றத்தில் சில சளிச் சுரப்பிகளின் வாய் அடைபட்டு, சிறு கொப்புளம்போல் திரள்வதுண்டு. ஸ்கேன் அறிக்கையில் ‘நபோத்தியன் சிஸ்ட்’ என்று வருவது அதுதான். அதற்கும் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

எக்ட்ரோப்பியனைப் புற்றுநோயோடு சேர்த்துப் பேச வைத்ததும் இந்த உருமாற்றப் பகுதிதான். எச்.பி.வி. வைரஸ் உடலில் நெடுநாள் தங்கிவிட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த வளையத்தில்தான் தொடங்கும். அதைக் கொண்டுவருவது வைரஸ். படலம் வெளியே புரண்டிருப்பது புற்றுநோயின் முன்கட்டம் ஆகாது. நாளடைவில் அப்படி மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சிவப்பாகத் தெரியக்கூடும் என்பதால், பார்த்தவுடன் ‘எரோஷன்தான்’ என்று சொல்லி அனுப்புவதும் சரியல்ல. மற்றவை இல்லை என்று உறுதிசெய்த பிறகு சொல்லவேண்டிய முடிவு இது.

உறுதிசெய்யும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 26 வயதுப் பெண் ஒருவர் எட்டு மாதமாகக் கருத்தடை மாத்திரை எடுத்துவருகிறார் என்று கொள்வோம். நான்கு மாதமாகத் தண்ணீராகக் கசிகிறது. தினமும் பேட் வைக்கவேண்டியிருக்கிறது. உடலுறவுக்குப் பிறகு இரண்டு முறை லேசான இளஞ்சிவப்புக் கறை கண்டிருக்கிறார். மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்பது நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல் பற்றி. மாதவிடாய்களுக்கு இடையே தானாக ரத்தம் வருகிறதா என்றும் கேட்பார். எதற்கும் ‘ஆம்’ இல்லை. கர்ப்பம் இல்லை என்பது சிறுநீர்ச் சோதனையில் தெரிந்துவிடும். பிறகு ஸ்பெகுலம் கருவியால் பிறப்புப் பாதையை விரித்து, நேராகக் கருப்பை வாயைப் பார்ப்பார்.

துளையைச் சுற்றிச் சீரான சிவப்பு வட்டம் இருக்கிறது. மேற்பரப்பு வெல்வெட் துணிபோல நுண்ணிய சொரசொரப்போடு இருக்கிறது. தொட்டால் மென்மையாக இருக்கிறது. குழியோ கட்டியோ இல்லை. மஞ்சள் நிறச் சீழ் வழிந்தால் கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுகளால் வரும் கருப்பை வாய் அழற்சியை எண்ணவேண்டும். இங்கே அது இல்லை என்றாலும் ஒரு குச்சிப் பஞ்சில் மாதிரி எடுத்துக்கொள்வார். ஏனெனில் கிளமிடியா பல பெண்களிடம் ஓசையில்லாமல் இருக்கும். துளையிலிருந்து பாலிப் எனும் சிறு சதைத் தொங்கல் ஏதும் இல்லை என்றும் பார்த்துவிட்டு, பாப் ஸ்மியர் எடுப்பார். நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு நம் நாட்டில் இந்தப் பரிசோதனை பொதுவாக 30 வயதில் தொடங்குகிறது. ரத்தக் கசிவு உள்ளவர் அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. தூரிகை பட்ட இடத்தில் சிறிது ரத்தம் கசியும். எக்ட்ரோப்பியன் உள்ளவருக்கு அது எதிர்பார்க்கக்கூடியது என்று முன்பே சொல்லிவிடும் மருத்துவர் பாதிப் பயத்தைப் போக்கிவிடுகிறார்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பது. எக்ட்ரோப்பியன் படலம் அப்போது திராட்சைக் கொத்துபோல லேசாக வெளுத்துச் சீக்கிரமே பழைய நிறத்துக்குத் திரும்பும். புற்றுநோயின் முன்கட்ட மாற்றம் இருந்தால், விளிம்பு தெளிவாகத் தெரியும்படி அடர்ந்த வெள்ளைத் திட்டு தோன்றி நிலைத்து நிற்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தச் சோதனையை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2007-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. சோதனையும் அதையொட்டிய சிகிச்சையும் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பை 35 சதவீதம் குறைத்ததை அது காட்டியது.

நம் எடுத்துக்காட்டில் வரும் பெண்ணுக்கு எல்லா முடிவுகளும் இயல்பாக வருகின்றன. அப்போது சிகிச்சை எதுவும் தேவையில்லை. கசிவு தொந்தரவாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு கருத்தடை முறைக்கு மாறிச் சில மாதங்கள் பார்க்கலாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் திரும்பத் திரும்ப விழுங்குவதால் பயன் இல்லை, கொல்லவேண்டிய கிருமியே அங்கே இல்லையே. மருந்து நீரால் உள்ளே கழுவிக்கொள்வது தீங்குதான் செய்யும்; காவலாக இருக்கும் லாக்டோபேசில்லஸ்களை அது விரட்டிவிடும்.

மிகவும் தொந்தரவு கொடுக்கும் சிலருக்கு மட்டும் அந்தப் படலத்தைக் குளிரால் உறையவைத்தோ, வெப்பத்தால் சுட்டோ, சில்வர் நைட்ரேட் தடவியோ அழிப்பதுண்டு. தொற்றும் செல் மாற்றமும் இல்லை என்று தெரிந்த பிறகே இதைச் செய்யவேண்டும். உறையவைத்த பிறகு சில வாரங்களுக்குத் தண்ணீர்க் கசிவு முன்பைவிட அதிகமாகவே இருக்கும். அது ஆறும் வரை ஏறத்தாழ நான்கு வாரம் உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள். அரிதாக, துளை தழும்பேறிச் சுருங்கிவிடலாம். குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு இது எண்ணிப் பார்க்கவேண்டிய விஷயம். எக்ட்ரோப்பியன் கர்ப்பத்தைத் தடுப்பதாகக் கருதப்படுவதில்லை எனும்போது, தேவையில்லாத சிகிச்சையால் ஒரு தடையை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

இதற்காகக் கருப்பையையே எடுத்துவிடச் சொல்வதை எந்த மருத்துவ நூலும் ஏற்காது. வெள்ளைப்படுதலையும் ‘புண்’ணையும் காட்டி ‘விட்டால் கேன்சராகிவிடும்’ என்று பயமுறுத்தி ஏழைப் பெண்களின் கருப்பையை அகற்றுவது இந்தியாவில் பல இடங்களில் நடந்திருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களின் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு அது போனது. அப்படிச் சொல்லப்படும் பெண், பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. முடிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கர்ப்பிணிகளுக்கும் உடலுறவுக்குப் பிந்தைய சிறு கசிவு எக்ட்ரோப்பியனால் வரலாம். ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. கருப்பை வாய் கல்போல் கெட்டியாகவோ ஒழுங்கற்றோ இருந்து தொட்டவுடன் பொடிந்து ரத்தம் வந்தால், பாப் ஸ்மியர் இயல்பு என்று வந்தாலும் நம்பி விட்டுவிட முடியாது. கால்போஸ்கோப்பில் பார்த்துச் சதைத் துணுக்கு எடுத்தாகவேண்டும். துர்நாற்றமுள்ள கசிவு, தொடராமல் நிற்காத ரத்தம், மாதவிடாய்களுக்கு இடையே வரும் ரத்தம் ஆகியவையும் அப்படியே.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கருப்பை வாய் சுருங்கி, படலத்தின் எல்லை உட்பாதைக்குள் போய்விடுகிறது. ஆகவே மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அதற்கு எக்ட்ரோப்பியனைக் காரணமாகச் சொல்வதற்கில்லை. அது உடனே பரிசோதிக்கவேண்டிய வேறு அறிகுறி.