குளிர்ந்த விரலில் எடுத்த சுகர்

விரல் நுனியில் ஊசியால் குத்தினால் வரும் சொட்டு, தமனி ரத்தமும் அல்ல, சிரை ரத்தமும் அல்ல. தோலுக்கு அடியில் வலைபோல் பின்னியிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அறுபட்டு வரும் ரத்தம் அது. சுற்றியுள்ள திசுநீரும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். உடல் நலமாக இருக்கும்போது இந்தக் கலவையால் தொல்லை இல்லை. விரலுக்குள் ரத்தம் தடையின்றி வந்து போய்க்கொண்டே இருப்பதால், உடம்பு முழுவதும் ஓடும் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரையோ, ஏறக்குறைய அவ்வளவே விரலிலும் இருக்கும். சாப்பிட்ட பிறகு மட்டும் சிரை ரத்தத்தைவிட விரல் ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருக்கும். விரலில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பித்தான் குளுக்கோமீட்டரே வேலை செய்கிறது.

ஷாக் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையில் அந்த ஓட்டம்தான் முதலில் நின்றுபோகிறது. இது மன அதிர்ச்சி அல்ல. கடும் கிருமித்தொற்று, ரத்தப்போக்கு, மாரடைப்பு போன்றவற்றால் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாமல் போவது. மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடல் தோலைக் கைவிடுகிறது. கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் இறுக மூடிக்கொள்கின்றன. ரத்த அழுத்தத்தை உயர்த்த ஐசியுவில் ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தும் அதே குழாய்களை இன்னும் இறுக்குகிறது. விரலில் மிச்சமிருக்கும் ரத்தம் குட்டையில் தேங்கிய நீர்போல் நிற்கிறது. ஆனால் சுற்றியுள்ள செல்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்துவதில்லை. புதிய சரக்கு வராத கடையில் இருப்பு குறைவதுபோல், அந்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்துகொண்டே போகிறது. மீட்டர் பழுதாகவில்லை. அதற்குக் கிடைத்த சொட்டை அது சரியாகவே அளக்கிறது. அந்தச் சொட்டுதான் நோயாளியின் உடலைப் பிரதிபலிக்கவில்லை.

இதை எண்களால் காட்டிய ஆய்வு ஒன்று 1991இல் அமெரிக்காவின் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டெர்னல் மெடிசின்’ இதழில் வந்தது. ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்த நோயாளிகளிடம் விரலில் எடுத்த அளவு, ஆய்வகத்தில் கிடைத்த அளவில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, உண்மையில் சர்க்கரை தாழாமலே தாழ்சர்க்கரை என்று மீட்டர் காட்டியது.

அப்படியானால் ஷாக்கில் வரும் எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது முடியாது. ஏனென்றால் பிழை எதிர்த் திசையிலும் வரும். ஸ்ட்ரிப்பின் நுனியில் உள்ள வேதிப்பொருளோடு சேர்வது ரத்தத்தின் திரவப் பகுதியில் உள்ள சர்க்கரை. சிவப்பணுக்கள் நெருக்கமாக இருந்தால் அவை வழியை அடைத்துக்கொள்ளும், எண் குறையும். அவை குறைவாக இருந்தால் திரவம் தாராளமாக உள்ளே போகும், எண் கூடும். ரத்தம் நிறைய இழந்து, பாட்டில் பாட்டிலாக சலைன் ஏறிய நோயாளியின் ரத்தம் நீர்த்துப்போயிருக்கும். அவருக்கு உண்மையில் சர்க்கரை 62 ஆக இருக்கும்போது மீட்டர் 85 காட்டக்கூடும். ஐசியு நோயாளிகளிடம் செய்த பல ஆய்வுகளில் விரல் மீட்டர் கூட்டிக் காட்டியதுதான் அதிகம். இந்தப் பிழைதான் அதிக ஆபத்தானது. இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும், மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளிக்கு வியர்ப்பதையோ படபடப்பதையோ சொல்ல வாய் இல்லை. 85 என்ற எண்ணை நம்பி இன்சுலினை விட்டுவைத்தால் மூளை பட்டினி கிடக்கும். புதிய மருத்துவமனை மீட்டர்கள் பல, சிவப்பணு அளவையும் சேர்த்து அளந்து எண்ணைத் திருத்திக்கொள்கின்றன. ஆனால் ஓட்டம் நின்ற விரலைத் திருத்த எந்த மீட்டருக்கும் வழியில்லை.

வீக்கம் இன்னொரு சிக்கல். கை உப்பி, அழுத்தினால் குழி விழும் நிலையில், குத்தினால் ரத்தம் தானாக வராது. செவிலியர் பிழிய வேண்டியிருக்கும். பிழியும்போது வருவது ரத்தத்தைவிட நீர்தான் அதிகம். சொட்டு வெளிறிய சிவப்பாக, தண்ணீர்போல் இருந்தால் அந்த ஸ்ட்ரிப்பை நம்பக் கூடாது. விரல் சில்லிட்டிருப்பது, நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆவது, இரண்டு கைகளில் இரண்டு எண் வருவது ஆகியவையும் எச்சரிக்கைகள்தான். ரத்தக்குழாய் அடைப்பால் ஒரு கையில் மட்டும் ஓட்டம் குறைந்தவருக்கு ஷாக் இல்லாமலே இந்த நிலை வரும். அவருக்கு மறு கையே போதும்.

இதற்கு மருத்துவமனைகள் கண்ட வழி, விரலை விட்டுத் தமனிக்குப் போவது. கடுமையான ஷாக்கில் உள்ளவருக்கு ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்க்க மணிக்கட்டுத் தமனியில் ஏற்கெனவே மெல்லிய குழாய் செருகியிருப்பார்கள். ஆர்ட்டீரியல் லைன் என்று அதற்குப் பெயர். அதிலிருந்து எடுத்த ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தை ஐசியுவிலேயே இருக்கும் ஏபிஜி இயந்திரத்தில் கொடுத்தால், ஆக்சிஜன், பொட்டாசியம் முதலியவற்றோடு சர்க்கரையும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். கடும் கிருமித்தொற்றுக்கான சர்வதேச வழிகாட்டியும் 2016இல், தமனிக் குழாய் இருந்தால் விரலைத் தவிர்த்து அதிலிருந்தே எடுக்கப் பரிந்துரைத்தது. குழாய் இல்லாத இடத்தில் சிரை ரத்தம் ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவு துல்லியம், ஆனால் தாமதம். சாதாரணக் குழாயில் ரத்தம் காத்திருந்தால் செல்கள் சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். அதற்காகத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளூரைடு சேர்க்கிறார்கள். அதுவும் முழுதாக வேலை செய்ய நேரம் பிடிக்கும்.

இந்த வழிகளுக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: குளுக்கோஸ் ட்ரிப். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் ஒரு டெசிலிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது. ட்ரிப் ஏறும் கையிலேயே, அதற்கு மேல்புறம் எடுத்த மாதிரியில் பத்தில் ஒரு பங்கு அந்த நீர் கலந்தால் போதும், அளவு சுமார் 500 ஏறிவிடும். தமனிக் குழாயைக் கழுவ சலைனுக்குப் பதில் குளுக்கோஸ் பாட்டிலைத் தவறாக மாட்டியதால், இல்லாத உயர் சர்க்கரைக்கு இன்சுலின் கொடுத்து நோயாளிகளின் மூளை பாதிக்கப்பட்ட சம்பவங்கள் இங்கிலாந்தில் நடந்திருக்கின்றன. அதனால் குழாயில் தேங்கியிருக்கும் நீரையும் முதல் ரத்தத்தையும் ஒதுக்கிய பிறகே மாதிரி எடுக்கிறார்கள்.

சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி ஷாக்கில் வந்த ஒரு முதியவரை வைத்து இதைப் பார்க்கலாம். ரத்த அழுத்தம் 76/40, கை சில்லிட்டிருக்கிறது, விரலில் சுகர் 48. சந்தேகம் இருந்தாலும் தாழ்ந்த எண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது. நோயாளி சுயநினைவின்றி இருந்தால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மாதிரி எடுத்த கையோடு டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவதுதான் முறை. மூளைக்குத் தாழ்சர்க்கரை செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் சிறிது நேரம் சர்க்கரை கூடுவது சின்ன விலை. தமனி மாதிரியில் 104 வந்தால் டெக்ஸ்ட்ரோஸ் நிற்கும். அதன்பின் அவருக்கு விரல் குத்துவதும் நிற்கும். நார்அட்ரினலின் குறைந்து, கை சூடாகி, விரல் எண்ணும் தமனி எண்ணும் ஒத்துவரத் தொடங்கிய பிறகே விரல் மீட்டரை மறுபடி கையில் எடுப்பார்கள்.