ஒரு மதியம், பல குரல், ஒரே கவிதை

முதியோர் இல்லத்தில் பாட்டும் பழங்கதையுமாகக் கழிந்த ஒரு மதியத்தை எப்படிக் கவிதையாக்குவது? அமெரிக்கக் கவிஞர் கேரி கிளாஸ்னர் 2004-ல் தொடங்கிய அல்சைமர் கவிதைத் திட்டம் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. அங்கே கவிதையைச் சொல்வது, கூடி உட்கார்ந்திருக்கும் முதியவர்கள்தான்.

முதலில் பழகிய கவிதை ஒன்றின் வரிகளைக் கவிஞர் ஒவ்வொன்றாகச் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்கிறது. குரல் எழும்பியதும் கேள்வி. “உங்கள் கல்யாணம் எந்த வருஷம்?” என்று கேட்டால் மறதி உள்ளவர் தடுமாறி, வாயை மூடிக்கொள்வார். “அம்மாவின் சமையலறையில் என்ன வாசம்?” என்று கேட்டால் சரி, தப்பு என்ற பேச்சே இல்லை. ஒருவர் சுட்ட ரொட்டி என்பார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்பார். சொன்னது சொன்னபடி தாளில் ஏறும்; அந்த வரிகளையே கோத்து உரக்கப் படிப்பார்கள்.

கெடுவது பெரும்பாலும் மெருகேற்றும்போதுதான். அழகுக்கு ஆசைப்பட்டு எழுதுபவர் கைவைத்தால் மண்ணெண்ணெய் ரோஜாவாகிவிடும். சொன்னவருக்கே தன் வரி தெரியாமல் போகும். படிக்கும்போது, “அது நான் சொன்னது!” என்று யாராவது குறுக்கிட்டால், எழுதியவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார்.