உறுமுவது டிஸ்க்கா, தகடா?

கணினியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது என்றால், நொடிக்கு 120 சுற்று. உள்ளே இருக்கும் தட்டுகளின் எடைச் சமநிலையில் மிக நுண்ணிய பிசகு எப்போதும் இருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கை ஒருமுறை உலுக்கும். 120 ஹெர்ட்ஸ் உறுமலின் பிறப்பிடம் இதுதான். ஆனால் அதே டிஸ்க்கைக் கழற்றி, வெளியே ஒரு ஸ்பாஞ்சின் மேல் வைத்து ஓடவிட்டால் உறுமல் அநேகமாக மறைந்துவிடும். 120 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 2.8 மீட்டர். கையகல டிஸ்க்கால் அவ்வளவு நீண்ட அலையைக் காற்றில் வலுவாக எழுப்ப முடியாது. கேபினெட்டின் அகன்ற பக்கவாட்டுத் தகட்டால் முடியும். தட்டிய இசைக்கவையை மேசையில் ஊன்றியதும் ஒலி பெருகுமே, அந்தக் கதைதான். ஸ்க்ரூ வழியாக அதிர்வு தகட்டுக்குப் போகிறது, தகடு அதை ஊருக்குச் சொல்கிறது.

ஆகவே, அதிர்வு தகட்டுக்குள் நுழையும் இடத்தை முதலில் அடைக்க வேண்டும். பலர் நேர்மாறாக, தகடு முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டு ஏமாறுகிறார்கள். ஸ்பாஞ்ச் கீச்சொலியை உறிஞ்சும். இவ்வளவு தாழ்ந்த உறுமலை அது ஒன்றும் செய்யாது.

எனக்குத் தெரிந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஒரு கணினி. அதில் இரண்டு 7200 டிஸ்க்குகள், ஒன்றின் மேல் ஒன்றாக. உறுமல் சில நொடிகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டின் வேகமும் துளி வேறுபடுவதால் எழும் விம்மல் அது. ஒன்று 120 ஹெர்ட்ஸ், மற்றது 120.2 என்றால் ஐந்து நொடிக்கு ஒரு விம்மல். கைபேசியில் ஒலி அதிர்வெண்ணைக் காட்டும் செயலியைத் திறந்தால் 120-இல் ஒரு முகடு தெரிந்தது. இந்த எண் முக்கியம். 90-இல் முகடு இருந்தால் 5400 சுற்று டிஸ்க். 100-இல் இருந்தால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் போக வேண்டும்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்பார்மர் அதன் இரு மடங்கில் ரீங்கரிக்கும். அதற்கு டிஸ்க்கில் ரப்பர் மாட்டிப் பயனில்லை. அடுத்து, பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. குற்றவாளி தகடுதான் என்பது உறுதியாயிற்று.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நான்கு ரப்பர் புஷ்கள் மாட்டினோம். சத்தம் குறையவே இல்லை. காரணம் ஸ்க்ரூ. வழக்கப்படி இறுக முறுக்கியதில் ரப்பர் நசுங்கி, கல்லாகிவிட்டது. ரப்பரும் டிஸ்க்கும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது 40 ஹெர்ட்ஸ் என்றால், கணக்குப்படி 120 ஹெர்ட்ஸ் அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் தகட்டுக்குக் கடக்கும். 85 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் தடுப்பே இல்லை. 120-ஐ நெருங்கினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு, ரப்பர் இல்லாததைவிட மோசமாகிவிடும். அதனால்தான் ரப்பர் மெத்தென்று இருக்க வேண்டும். அதனால் கழுத்துள்ள ஸ்க்ரூக்களை மாட்டினோம். இவற்றின் கழுத்து டிஸ்க்கில் முட்டி நின்றுவிடுவதால் ரப்பர் நசுங்காது. சரியாக மாட்டிய டிஸ்க்கை விரலால் தள்ளினால் சற்றே அசைந்து திரும்ப வேண்டும்.

அப்போதும் ஒரு டிஸ்க் உறுமியது. அதன் பின்புறம் போன பவர் வயர் விறைப்பாக இழுபட்டுக் கேபினெட்டின் விளிம்பில் அழுந்திக்கொண்டிருந்தது. ரப்பரைச் சுற்றிக்கொண்டு அதிர்வு அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. வயரைத் தளர்வாக வளைத்து விட்டதும் உறுமலும் விம்மலும் அடங்கின. நான்கு மூலையிலும் ரப்பர் இருந்தும் எங்கோ ஓரிடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் முழு உழைப்பும் வீண் என்பதால், ஒரு தாளை டிஸ்க்குக்கும் கூண்டுக்கும் இடையே ஓட்டிப் பார்ப்பது நல்லது.

மிஞ்சியது பக்கவாட்டுத் தகட்டின் கடகடப்பு. இது உறுமல் அல்ல. தளர்ந்த விளிம்பு சட்டத்தில் மோதி மோதி எழும் சத்தம். விளிம்பு நெடுக மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒட்டியதும் நின்றது. கடைசியாகத் தகட்டின் நடுவே, பரப்பில் கால்வாசிக்கு, கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ஷீட்டை ஒட்டினோம். நடுப்பகுதிதான் அதிகம் அசைகிறது. அங்கே ஒட்டினால் போதும், முழுதும் மூட வேண்டியதில்லை. விரல் முட்டியால் தட்டினால் முன்பு ‘டங்’ என்று நீண்டது, இப்போது ‘டப்’ என்று செத்துவிடுகிறது.

ரப்பருக்கு ஒரு விலை உண்டு. ஸ்க்ரூ வழியே கூண்டுக்குப் போய்க்கொண்டிருந்த வெப்பத்தின் பாதை அடைபடுகிறது. மாட்டிய பிறகு சில நாட்கள் CrystalDiskInfo-வில் வெப்பநிலையைப் பார்த்துவர வேண்டும். முன்பைவிடத் தெளிவாக ஏறியிருந்தால் முன்புற விசிறியின் காற்று டிஸ்க்குகளின் மேல் நேராகப் படும்படி வழிவிட வேண்டும். வெளியூருக்குக் கணினியைப் பார்சலில் அனுப்புவதென்றால் டிஸ்க்கைக் கழற்றித் தனியே கட்டி அனுப்புங்கள். மெத்தென்ற ரப்பர், லாரியின் குலுங்கலைத் தாங்குவதற்கானது அல்ல.