நாற்காலியைத் தொடுமுன் ஆளைக் கேளுங்கள்

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்துவிட்டால் நம்மூர்க்காரர்கள் சும்மா நிற்பதில்லை. யாராவது ஓடிவந்து பின்னாலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்குவார், இன்னொருவர் வழிவிடச் சொல்லிச் சத்தம் போடுவார். மனசு நல்லதுதான். ஆனால் கேட்காமல் தள்ளிய அந்தக் கையே அவரைக் கீழே விழவைக்கவும் கூடும்.

கோயில் இருப்பது அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில். ஆற்றுமணலில் நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் சட்டென்று புதைந்துவிடும். பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் நாற்காலி நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். மிதிப்பலகையிலிருந்து கால் நழுவித் தரையில் இழுபட்டாலும் அவருக்குத் தெரியாது, பிறகு ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். வெயிலில் காய்ந்த இரும்புச் சட்டம் தொடையைச் சுட்டாலும், பக்கத்தில் பொங்கல் அடுப்பின் அனல் அடித்தாலும் அப்படியே. இவர்களுக்கு வந்த புண் லேசில் ஆறாது.

அதனால் முன்னால் போய், முகம் பார்த்து, "அண்ணே, தள்ளிவிடவா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும், மறுபடி வற்புறுத்தக் கூடாது. சரி என்றால், எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அது அவர் தினமும் ஓட்டும் வண்டி. மணலில் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்னே போகும்படி பின்பக்கமாக இழுத்தால் புதையாது. செங்குத்தான சரிவில் இறங்கும்போதும் பின்பக்கமாகவே இறக்கினால் ஆள் வழுக்கி முன்னால் வரமாட்டார். படி ஏற்ற நேர்ந்தால் அசையாத சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். கைதாங்கியும் மிதிப்பலகையும் பல நாற்காலிகளில் கழற்றி மாட்டக்கூடியவை, தூக்கும்போது கையோடு வந்துவிடும். பேட்டரி நாற்காலி கனமானது, அதை ஆளோடு சேர்த்துத் தூக்கவே முயல வேண்டாம்.

பேச்சுக்கு வருவோம். பூக்கடையில் அவர் விலை கேட்டால், கூட வந்தவரிடம் "அவருக்கு மாலையா, உதிரிப்பூவா?" என்று கேட்பது நடக்கிறது. கேட்டவருக்கே பதில் சொல்லுங்கள். வரிசையில் காத்திருப்பவர் மடியில் காசு போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனுஷருக்கு அது எப்படி இருக்கும்? "அம்மா கண் தொறந்தா எந்திரிச்சு நடந்துருவீங்க" என்பதை வாழ்த்தாகத்தான் சொல்கிறார்கள். அவரோ நேர்த்திக்கடன் செலுத்தவோ, மகளுக்கு மொட்டை போடவோ வந்திருப்பார். அவர் காலைப் பற்றி அவராகப் பேசாதவரை நாம் எடுக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமான பேச்சு, போன ஜென்மத்துப் பாவம் என்பது. 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு பேச்சாளர் உடற்குறையை முற்பிறவி வினையோடு சேர்த்துப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து ஆட்சேபித்தார். மாற்றுத்திறனாளிகள் தரப்பில் போலீசில் புகார் போனது, வழக்குப் பதிவாகி அந்தப் பேச்சாளர் கைதானார்.

அதற்கு இடம் தருவது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பலர் பார்க்கும் இடத்தில், இழிவுபடுத்தும் எண்ணத்தோடு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தாலோ மிரட்டினாலோ, 92ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அவர் பயன்படுத்தும் உபகரணத்தை வேண்டுமென்றே சேதப்படுத்துவதும், அதைப் பயன்படுத்தவிடாமல் குறுக்கிடுவதும் இதே பிரிவில் வருகின்றன. நாற்காலியை ஒளித்துவைத்து வேடிக்கை பார்ப்பதை விளையாட்டு என்று சொல்லித் தப்ப முடியாது. அதே சமயம், தெரியாமல் கேட்ட அசட்டுக் கேள்வியும் நல்லெண்ணத்தில் தள்ளிவிட்டதும் இதில் அடங்கா. அவற்றுக்கு அந்த இடத்திலேயே "தொடாதீங்க, நானே போய்க்கிறேன்" என்று சொல்வதுதான் வழி.

அவமதிப்பு குற்றம் என்ற அளவுக்குப் போனால், சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், மாற்றிச் சொன்னால் வழக்கு நிற்காது. நேரம், இடம், கேட்டவர்கள் பெயர், செல்போன் பதிவு இருந்தால் அதுவும் வேண்டும். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சாய்தளம் இல்லாத அலுவலகம், உள்ளே விட மறுத்த கடை போன்றவற்றுக்கு விருதுநகர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க் கூட்டத்திலோ மனுக் கொடுக்கலாம். அங்கும் தீராவிட்டால் சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார். மனுக் கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மேலே போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.