விடியற்காலை வயிற்றுவலியும் இறங்கும் இமையும்

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை. தாலுகா மருத்துவமனைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது 35. இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர், 4 மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். இரண்டு முறை வாந்தி. ஓமத் தண்ணீர் கொடுத்தும் வலி நிற்கவில்லை. “நேத்து மிச்சமிருந்த கருவாட்டுக் குழம்பச் சாப்பிட்டா சிஸ்டர், அதான் ஒத்துக்கல” என்கிறார் மாமியார். பாம்பு என்ற பேச்சே எழவில்லை. உடம்பில் வீக்கமோ, ரத்தக் கசிவோ, கடிவாயோ கண்ணில் படவில்லை. வயிற்றுவலிக்கு ஓர் ஊசி போட்டு அவரைப் பெஞ்சில் உட்காரவைப்பது மிகவும் எளிது. ஆனால் அந்தப் பெண்ணைக் கடித்திருப்பது கட்டுவிரியன்.

நம் ஊர்களில் பெரும்பாலான உயிர்களைப் பறிக்கும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன் கடித்தால் கால் வீங்கும், வலி உயிரை எடுக்கும். யாரும் அதைச் சாதாரணமாக விட்டுவிட மாட்டார்கள். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் எலியையும் மற்றப் பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தூங்குபவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிட்டுப் போய்விடும். அதன் பல் சிறியது. வலி இருக்காது, பலர் விழிப்பதுகூட இல்லை. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலியில்தான் முதல் அறிகுறி தெரியும். அதனால் அவசரப் பிரிவில் பயிலும் செவிலிய மாணவர்கள் முதலில் பழக வேண்டிய கேள்வி, “ராத்திரி எங்கம்மா படுத்திருந்தீங்க?” என்பதுதான். தரையில் என்ற பதில் வந்தால், அடுத்து பார்க்க வேண்டிய இடம் கண்.

இமை இறங்குவதைக் கண்டுபிடிப்பது நினைப்பதுபோல எளிதல்ல. இரவெல்லாம் தூங்காதவரின் கண்ணும் சொருகித்தான் இருக்கும். வேறுபாட்டை நெற்றி காட்டிக்கொடுக்கும். இமையைத் தூக்கும் தசை வலுவிழந்தவர், தன்னை அறியாமலே நெற்றியைச் சுருக்கிப் புருவத்தால் இமையை இழுக்கப் பார்ப்பார். தலையை அசைக்காமல் மேலே வைத்த விரலையே பார்க்கச் சொல்லி, ஒரு நிமிடம் காத்திருங்கள். தூக்கக் கலக்கம் என்றால் கண் விழித்துக்கொள்ளும். விஷம் என்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே இமை மெல்லக் கீழிறங்கும். இரண்டு கண்ணிலும் இறங்கும்.

அதற்குப் பிறகு விஷம் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே வரும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். குரல் மூக்கால் பேசுவதுபோல மாறும். வாயை முழுதாகத் திறக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாமல் தேங்கும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. கடைசியில் மார்புத் தசைகள் நிற்கும். இந்த வரிசை தெரிந்தவருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

நம் நோயாளியிடம் செவிலியர் சொல்கிறார்: “நல்லா மூச்ச இழுத்துக்கிட்டு, நடுவுல நிறுத்தாம ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்கம்மா.” அவர் 18 வரை எண்ணுகிறார். நலமாக இருப்பவர் ஏறக்குறைய 30 வரை எண்ணிவிடுவார். இந்த எண்ணைக் கடிகார நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். முதல் எண்ணைவிட, அரை மணி கழித்து அதே நோயாளி எண்ணும் இரண்டாவது எண்ணே முக்கியம். 18 என்பது 11 ஆனால், விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பக் கூடாது. மூச்சின் அளவு குறையும்போது முதலில் ஏறுவது கரியமில வாயு. ஆக்சிஜன் அளவு விழுவது கடைசிக் கட்டத்தில்தான். கருவி எச்சரிக்கும் வரை காத்திருந்தால் குழாய் செருகும் நேரம் தப்பிவிடும். என் பார்வையில், கட்டுவிரியன் கடித்தவர் படுத்திருக்கும் வார்டில் நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது.

பாம்பு கடித்தது என்று சந்தேகம் வந்த எல்லோருக்கும் இன்னொரு சோதனையும் உடனே செய்ய வேண்டும். இமை இறங்கியிருந்தாலும் விலக்கு இல்லை. நரம்பிலிருந்து புதிதாக எடுத்த 2 மில்லி ரத்தத்தை, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் வகை விஷம் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது. எளிய சோதனைதான், ஆனால் கெடுவதும் எளிது. பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது. சோப்புப் பொடியால் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயிலும் உறையாது. அந்தப் பொய் முடிவை வைத்து, விஷமே ஏறாத ஒருவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றிவிட நேரும். ஐயம் வந்தால், கூட வந்த உறவினரின் ரத்தத்தையும் பக்கத்தில் ஒரு குழாயில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் உறையவில்லை என்றால் பழுது குழாயில். முதல் சோதனையில் உறைந்தாலும் விட்டுவிடக் கூடாது. முதல் 3 மணி நேரத்துக்கு மணிக்கு ஒருமுறையும், பிறகு 24 மணி நேரம் வரை 6 மணிக்கு ஒருமுறையும் திரும்பச் செய்ய வேண்டும்.

நம் நோயாளியின் ரத்தம் நன்றாக உறைந்துவிட்டது. வீக்கம் இல்லை, ரத்தம் சரி, இமை இறங்குகிறது, வயிறு வலிக்கிறது, தரையில் படுத்திருக்கிறார். மருத்துவர் முடிவெடுக்க இது போதும். பாம்பை யாரும் பார்க்கவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புக்கும் பொதுவானது. அதற்கான விஷத்தை நெடுங்காலமாகச் சேகரித்துத் தருபவர்கள் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள். ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதால் சிகிச்சை மாறப்போவதில்லை. அடிக்கப் போனவர் இரண்டாவது நோயாளியாக வருவதுதான் நடக்கும்.

தொடக்க அளவு 10 குப்பி. பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவுதான், ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. பொடியாக இருக்கும் மருந்தில் ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லி நீர் சேர்த்து, நுரை எழும்படி குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். பத்தையும் ஒருவரே கரைத்தால் நேரம் வீணாகும், இரண்டு பேர் உட்கார வேண்டும். கரைத்ததை சலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். முன்கூட்டித் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. ஆனால் ட்ரிப் தொடங்கும் முன்பே சிரிஞ்சில் அட்ரினலின் ஏற்றித் தலைமாட்டில் வைத்திருக்க வேண்டும். முதலில் மெதுவாக விட்டு, நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சில் இரைப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ட்ரிப்பை நிறுத்திவிட்டுப் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் போட வேண்டும். நோயாளி தேறியதும் மருந்து மெதுவாகத் திரும்பத் தொடங்கும்.

மருந்து ஏறிவிட்டது, இனி இமை தானாகத் திறந்துவிடும் என்று குடும்பம் எதிர்பார்க்கும். அது நடக்காமல் போகலாம். நல்ல பாம்பின் விஷம் தசை பக்கத்து வாங்கியை அடைப்பதால், நியோஸ்டிக்மின் ஊசிக்கும் விஷமுறிவு மருந்துக்கும் பல நேரம் இணங்கும். கட்டுவிரியனின் விஷம் நரம்பின் நுனியையே அழிக்கும். ரத்தத்தில் சுற்றும் விஷத்தை மருந்து பிடித்து நிறுத்தும். அழிந்த நுனியை வளர்த்துத் தராது. அது தானாக வளர நாள்கணக்கில் ஆகும். அதுவரை நோயாளியை உயிரோடு வைத்திருப்பது மூச்சு.

நம் நோயாளி எண்ணும் எண் 11 ஆகி, பிறகு 7 ஆகிறது. மருத்துவர் குழாய் செருகுகிறார். மாவட்ட மருத்துவமனையில்தான் வென்டிலேட்டர் இருக்கிறது. 108 வண்டியில் செவிலியரும் ஏறி, வழி முழுதும் 5, 6 நொடிக்கு ஒருமுறை ஆம்பு பையை அழுத்திக்கொண்டு போகிறார். இப்போது அந்தப் பெண்ணின் இமை முழுதாக மூடிவிட்டது. கை கால் அசையவில்லை. கண்ணைத் திறந்து டார்ச் அடித்தாலும் பாவை சுருங்காமல் போகலாம். பார்ப்பவர் மூளை செத்துவிட்டது என்றே நினைப்பார். ஆனால் அவர் நினைவோடு இருக்கிறார், சொல்வதெல்லாம் காதில் விழுகிறது. இந்த நிலையில் பக்கத்தில் நின்று “இனி தேறாது” என்று பேசுவது கொடுமை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மூச்சு தடையின்றிக் கிடைத்தால் இப்படிப்பட்டவர்கள் சில நாளில் கண் திறக்கிறார்கள், எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

கடி தெரிந்தே வருபவர்களுக்கான முதலுதவி இதைவிடச் சுருக்கம். எலும்பு முறிந்ததைப்போல அந்தக் காலையோ கையையோ மட்டைவைத்து அசையாமல் கட்ட வேண்டும். மெட்டி, கொலுசு, வளையல், மோதிரத்தை வீக்கம் ஏறும் முன் கழற்ற வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

இறுக்கிக் கயிறு கட்டுவது கெடுதல். ஆனால் கட்டோடு வந்துவிட்டவரின் கயிற்றை வாசலிலேயே அறுத்துவிடுவதும் ஆபத்துதான். தேங்கிய விஷம் மொத்தமாக உடம்பில் பரவி, மூச்சு சட்டென்று நிற்கலாம். கேனுலா போட்டு, விஷமுறிவு மருந்தும் ஆம்பு பையும் பக்கத்தில் வந்து, மருத்துவர் நிற்கும்போதுதான் கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தளர்த்த வேண்டும். வீக்கம் இருந்தால் அதன் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள்.

2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே நீங்கள் எழுதும் நேரமும் எண்ணும் அந்த ஒரு நோயாளியின் கோப்போடு முடிவதில்லை.

வீட்டில் தரையில் படுப்பவர்கள் இருந்தால், கொசுவலையை விரித்து அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியனை நெருங்கவிடாமல் தடுக்க ஏழை வீட்டாலும் வாங்க முடிந்த காவல் அதுதான். அதையும் மீறி விடியற்காலையில் வயிறு வலித்து, கண் திறக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், கடிவாயைத் தேடி நேரம் போக்காமல் 108க்கு அழையுங்கள்.